இரண்டாவது கிளையின் செலவு முதல் கடையில்தான் விழும்

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறச் சிற்றூரில் ஒரு சாப்பாட்டுக்கடை நன்றாக ஓடினால், கடைக்காரருக்கு யோசனை சொல்வதற்கு ஆள் பஞ்சமே இருக்காது. "அண்ணே, ஈப்போவிலும் ஒன்று திறந்துவிடுங்கள்" என்பார் கைகழுவ எழுந்த வாடிக்கையாளர். "நல்ல இடத்தில் ஒரு கடை காலியாகிறது, சீக்கிரம் சொல்லுங்கள்" என்பார் தரகர். படிப்பு முடிந்து வீட்டில் இருக்கும் மகனுக்கு ஏதாவது அமைத்துக் கொடுக்கலாமே என்பார் மனைவி. மூன்றுமே நல்ல எண்ணத்தில் சொல்லப்படுபவைதான். ஆனால் கடை தயாரா என்பதைப் பற்றி இந்த மூன்றில் எதுவும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு கடை இரண்டாவது கிளைக்குத் தயார் என்பதை எப்படி அறிவது, பட்டியலில் எழுத மறந்துபோகும் செலவுகள் எவை என்பதை ஒரே ஒரு கடையை வைத்துப் பார்க்கலாம். கடையும் அதன் வரவு செலவும் கணக்குப் புரிவதற்காக நான் அமைத்துக்கொண்டவை. சட்டமும் வரியும் சந்தா விகிதங்களும் உண்மையானவை.

லாபம் என்று எழுதியிருப்பதில் எவ்வளவு லாபம்?

கணவனும் மனைவியும் நடத்தும் வாழையிலைச் சாப்பாட்டுக்கடை. பழைய ஈப்போ–கோலகங்சார் சாலையை ஒட்டிய கடைவரிசையில் பல ஆண்டுகளாக இருக்கிறது. மாத விற்பனை 60,000 வெள்ளி. பொருள்களுக்கு 24,000 போகிறது. ஆறு தொழிலாளர்களின் சம்பளமும் சந்தாக்களும் சேர்த்து 13,100. வாடகை 2,000. மின்சாரம், தண்ணீர், எரிவாயு 4,000. பொட்டலத் தாள், பழுதுபார்ப்பு, லைசென்ஸ் முதலிய சில்லறைச் செலவுகள் 3,900. மொத்தம் 47,000 போக, கையில் நிற்பது 13,000 வெள்ளி. நூற்றுக்கு இருபதுக்கும் மேல் நிற்கிறதே, இதே போல் இன்னொன்று திறந்தால் 26,000 வருமே என்று தோன்றும். அந்தக் கணக்கில்தான் பல குடும்பங்கள் வழுக்கி விழுகின்றன.

அடுப்படியில் நிற்பவர் யார்? கணவர். காலை ஐந்தரை மணிக்கு மசாலா தாளிப்பதிலிருந்து மூன்று மணிக்குப் பாத்திரம் ஒழியும் வரை தலைமைச் சமையல்காரர் அவர்தான். கல்லாவில் இருப்பவர் மனைவி. இருவருக்கும் சம்பளம் எழுதுவதில்லை. மிஞ்சியது வீட்டுக்கு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அவருக்குப் பதிலாகக் கை தேர்ந்த ஒரு சமையல்காரரை அமர்த்தினால் 3,500 வெள்ளிக்குக் குறைந்து வரமாட்டார். அதன்மேல் முதலாளியின் பங்காக ஊழியர் சேமநிதிக்கு 13 விழுக்காடு, சொக்சோவுக்கு ஏறத்தாழ 1.75, வேலைக் காப்புறுதிக்கு 0.2 கட்டவேண்டும். மலேசியத் தொழிலாளர் ஒருவரின் சம்பளத்தோடு 15 விழுக்காட்டைச் சேர்த்துக்கொண்டால் கணக்கு சரியாக இருக்கும். ஆக, சமையல்காரருக்கு 4,000. கல்லாவுக்கு நம்பிக்கையான ஒருவர் 2,200 கேட்டால் அது 2,500 ஆகும்.

அடுத்தது வாடகை. இவர்கள் கொடுக்கும் 2,000 வெள்ளி பழைய உறவில் நிற்கும் வாடகை. உரிமையாளர் வயதானவர்; கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் உயர்த்தாமல் விட்டுவிட்டார். பக்கத்துக் கடைக்குப் புதிதாக வந்தவர் 3,500 கொடுக்கிறார். இந்தச் சலுகை இந்தச் சுவருக்குள் மட்டுமே செல்லும், இரண்டாவது கிளைக்குக் கூடவே வராது.

இப்போது 13,000 வெள்ளியிலிருந்து 4,000, 2,500, 1,500 மூன்றையும் கழியுங்கள். மிஞ்சுவது 5,000. கடை என்ற தொழில் சம்பாதிப்பது இவ்வளவுதான், விற்பனையில் 8 விழுக்காட்டுக்குச் சற்று மேல். மற்ற 8,000 வெள்ளி இருவரின் உழைப்புக்கான கூலியும் ஒரு நல்ல மனிதரின் தயவும். புதுக் கிளை என்பது உங்கள் தொழிலின் நகல். உங்களுக்கு நகல் கிடையாது. எனவே பார்க்கவேண்டிய முதல் அறிகுறி இந்த 5,000 தான். இப்படிக் கழித்த பிறகும் விற்பனையில் நூற்றுக்குப் பத்தாவது நிற்கவேண்டும் என்பது என் கருத்து. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால், அந்தத் தம்பதியிடம் நல்ல வேலை ஒன்று இருக்கிறது, இன்னும் தொழில் இல்லை என்று பொருள்.

கூட்டத்தை எண்ணிப் பார்க்காமல் நம்பவேண்டாம்

மலேசிய வேலைவாய்ப்புச் சட்டப்படி, ஒரு மாதச் சம்பளத்தை அந்த மாதம் முடிந்த ஏழாம் நாளுக்குள் கொடுத்துவிடவேண்டும். தோட்டப்புற ஊரில் கடை வைத்திருப்பவருக்கு இதைப் படித்துத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை; கல்லாவே சொல்லிவிடும். ஐந்தாம் தேதியிலிருந்து பதினைந்து வரை ஆட்டிறைச்சி விற்கும். இருபதுக்குமேல் முட்டையும் ரசமும் விற்கும். சம்பள வாரத்து ஞாயிற்றுக்கிழமை வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்து முடிவெடுப்பவர், இருபத்தைந்தாம் தேதி செவ்வாய்க்கிழமை இரண்டரை மணிக்குக் கடைக்குள் ஒருமுறை எட்டிப் பார்க்கவேண்டும்.

எண்ணவேண்டியது உட்கார்ந்திருப்பவர்களை அல்ல, இடமில்லாமல் திரும்பிப் போகிறவர்களை. ஒரு மாதம், ஒரு பள்ளிக்கூட நோட்டில், மணிவாரியாகக் கோடு போட்டு வாருங்கள். திரும்பிப் போகிறவர்கள் எல்லாரும் பன்னிரண்டரைக்கும் ஒன்றரைக்கும் நடுவில்தான் என்றால், உங்களுக்குக் குறைவது நாற்காலி, கிளை அல்ல. பொட்டலத்துக்குத் தனி மேசை போடுவது, ஐந்தடி நடைபாதையில் இரண்டு மேசை சேர்ப்பது, ஒரு ஆளைக் கூடுதலாக வைத்து இலையைச் சீக்கிரம் எடுப்பது ஆகியவற்றில் அது தீர்ந்துவிடும். செலவும் சில ஆயிரம் வெள்ளியோடு நிற்கும்.

ஈப்போவிலிருந்து வந்து கேட்பவர்கள் விஷயம் கொஞ்சம் நுட்பமானது. ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்த பிறகு தோட்டத்து லயங்கள் காலியாயின. பிள்ளைகள் ஈப்போவுக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் போய்விட்டார்கள். அவர்கள்தான் மாதம் ஒருமுறை அம்மா அப்பாவைப் பார்க்க வரும்போது உங்கள் கடையில் சாப்பிட்டுவிட்டு, ஈப்போவிலும் திறக்கச் சொல்கிறார்கள். அவர்கள் தேடி வருவது ஊரின் ருசியை. அதே பிரட்டல் அலுவலகத்துக்குப் பக்கத்தில் கிடைத்தால் வாரம் இருமுறை வருவார்களா, அல்லது முதல் மாதம் வந்து படம் எடுத்துப் போட்டுவிட்டுப் பிறகு தீபாவளிக்குத்தான் வருவார்களா? தெரியாது. ஈப்போவில் மதியச் சாப்பாட்டுக் கடையைத் தாங்கப்போகிறவர் உங்கள் பெயரையே கேள்விப்படாத வங்கி ஊழியரும் பட்டறைத் தொழிலாளியும். இன்னொன்று, இவர்களில் சிலர் இனி சுங்கை சிப்புட்டில் சாப்பிடமாட்டார்கள். முதல் கடையிலிருந்து இரண்டாவது கடைக்கு மாறிய வாடிக்கையாளர் புதிய வாடிக்கையாளர் அல்லர்.

இதையே ஊருக்குள் இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு தாமானில் திறக்க நினைப்பவர்கள் இன்னும் கவனமாகப் பார்க்கவேண்டும். அங்கே புதுக் கடைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் உங்கள் பழைய முகங்களாகவே இருப்பார்கள். வாடகை மட்டும்தான் புதிதாக இருக்கும்.

முதலாளி இல்லாத இரண்டு வாரம்

இரண்டாவது அறிகுறி, நீங்கள் இல்லாதபோது கடை எப்படி நடக்கிறது என்பது. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது, விலகிப் பார்க்கவேண்டும். கணவனும் மனைவியும் இருவருமே பதினான்கு நாள் கடைக்குள் போகக்கூடாது. அந்தப் பதினான்கு நாளில் சம்பள வாரமும் வரவேண்டும். போனில் கூப்பிட்டுச் சொல்வதும் கூடாது. மாலையில் மூன்று எண்களை மட்டும் வாங்கிக்கொள்ளலாம்: அன்றைய விற்பனை, அன்று பொருளுக்குப் போன செலவு, மிஞ்சிப் போய்க் கொட்டியது எவ்வளவு.

என்ன நடக்கும் என்பதை ஒரு சட்டியை வைத்துப் பார்க்கலாம். பத்துக் கிலோ ஆட்டிறைச்சியைப் பிரட்டினால் தண்ணீர் வற்றிச் சட்டியில் நிற்பது ஆறரைக் கிலோ என்று கொள்வோம். முதலாளி பரிமாறும்போது கரண்டி தானாகவே ஏறத்தாழ 120 கிராமில் நின்றுவிடும். பல வருடத்துப் பழக்கம். அந்தக் கணக்கில் ஒரு சட்டியில் 54 தட்டு வரும். அவர் இல்லாத நாளில் பரிமாறும் பையன் கஞ்சன் என்று பெயர் வாங்க விரும்பாமல் 150 கிராம் போடுகிறான். இப்போது 43 தட்டு. பதினொரு தட்டு காணாமல் போயிற்று. தட்டு 8 வெள்ளி என்றால் ஒரு நாளைக்கு 88 வெள்ளி. கடை மாதம் 26 நாள் திறந்தால் 2,288 வெள்ளி. யாரும் திருடவில்லை, யாரும் சோம்பேறியும் அல்ல. கரண்டியின் அளவு மட்டும்தான் மாறியது. கழித்துப் பார்த்த நம் 5,000 வெள்ளி லாபத்தில் பாதிக்குக் கிட்டத்தட்ட இந்த ஒரு சட்டியில் போய்விட்டது.

சமையலிலும் இதுதான் கதை. "இரண்டு பால்டின் மிளகாய்த்தூள், ஒரு கை சோம்பு" என்று முதலாளி சொல்வார். அவர் சொல்லும் பால்டின் தலைதட்டியதா, குவிந்ததா என்பது அவர் கைக்கு மட்டும்தான் தெரியும். கைப்பக்குவம் என்று நாம் பெருமையாகச் சொல்வது இரண்டாவது கிளைக்கு வரும்போது பெரிய தடையாகிவிடுகிறது. பத்து உருப்படிகளுக்காவது கிராம் கணக்கில் அளவு எழுதி, தராசு வைத்து, வேறொருவர் சமைத்து, வாடிக்கையாளர் வித்தியாசம் சொல்லாத நிலை வரவேண்டும். மசாலாத் தூளை மட்டும் நீங்களே கலந்து பாக்கெட் பாக்கெட்டாகக் கட்டி வைப்பது நல்ல நடுவழி. ஒரு பாக்கெட் ஐந்து கிலோ கோழிக்கு என்றால் கை நடுங்க வழியில்லை.

இரண்டு வார முடிவில் விற்பனை பத்து விழுக்காட்டுக்குமேல் விழாமலும், பொருள் செலவு 40 விழுக்காட்டிலிருந்து 42 ஐத் தாண்டாமலும் இருந்தால் கடை நிற்கக் கற்றுக்கொண்டுவிட்டது. 46, 47 என்று போனால் ஆளை மாற்றுவதற்கு முன் அளவை எழுதுங்கள். பெரும்பாலும் குறை அங்கேதான் இருக்கும்.

ஈப்போ கணக்கு

சோதனையில் கடை தேறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவில், ஈப்போவில் 3,800 வெள்ளி வாடகைக்கு ஒரு கடை கிடைக்கிறது. அங்கேயும் ஆறு தொழிலாளர்கள், 13,100. அதோடு சமையல்காரரும் கல்லா ஆளும் இப்போது நிஜமாகவே வேண்டும், 6,500. மின்சாரம் முதலியவை 3,500. சில்லறைச் செலவு 3,200. விற்றாலும் விற்காவிட்டாலும் மாதம் பிறந்தால் வாடகையோடு எல்லாம் சேர்ந்து 30,100 வெள்ளி போய்விடும். புதுச் சமையலறையில் வீணாவது கொஞ்சம் கூடுதலாக இருக்கும் என்பதால் பொருளுக்கு 42 விழுக்காடு. அதாவது ஒவ்வொரு வெள்ளி விற்பனையிலும் 58 சென் நிற்கும். 30,100 ஐ 0.58 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 52,000. 26 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 2,000 வெள்ளி. தலைக்குப் பத்து வெள்ளி என்றால் 200 பேர். அந்த 200 பேர் வந்த பிறகுதான் அந்தக் கடை முதல் சென் லாபத்தைச் சம்பாதிக்கத் தொடங்கும்.

முதல் ஆறு மாதம் 45,000 வெள்ளிக்கு விற்கிறது என்போம். புதுக் கடைக்கு அது மோசமான விற்பனை அல்ல. அப்படியும் மாதம் 4,000 வெள்ளி நட்டம். இதை எல்லாரும் எதிர்பார்த்தே இருப்பார்கள். "ஆறு மாதம் தாக்குப் பிடித்தால் எழுந்துவிடும்" என்று 24,000 வெள்ளியை ஒதுக்கியும் வைத்திருப்பார்கள்.

ஒதுக்கி வைக்காதது வேறொன்று. கணவர் இப்போது காலையில் ஒரு கடை, மதியம் ஒரு கடை என்று ஓடிக்கொண்டிருக்கிறார். சுங்கை சிப்புட் அடுப்படிக்கு ஒரு சமையல்காரரை வைத்தாகிவிட்டது, 4,000. முதலாளி முகம் தெரியாததால் பழைய வாடிக்கையாளர் சிலர் எதிர்க்கடைக்குப் போகிறார்கள். ருசி மாறிவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள், அது உண்மையோ பிரமையோ. விற்பனை பத்தில் ஒரு பங்கு இறங்கி 54,000 ஆகிறது. இழந்த 6,000 வெள்ளி விற்பனையில் பொருள் செலவு போகப் போனது 3,600. மனைவி இன்னும் கல்லாவில் இருப்பதால் அந்தச் செலவு தப்பியது. 13,000 வெள்ளி நின்ற முதல் கடையில் இப்போது நிற்பது 5,400.

இரண்டையும் சேருங்கள். முதல் கடை 5,400, இரண்டாவது கடை 4,000 கழிவு. வீட்டுக்கு வருவது 1,400 வெள்ளி. ஒரு கடை இருந்தபோது 13,000 வந்த வீடு அது. கிளை திறக்க 50,000 வெள்ளி கடன் வாங்கி மாதம் 1,000 கட்டவேண்டியிருந்தால், 400.

கிளையின் நட்டம் 4,000 என்பது மட்டுமே கிளையின் கணக்குப் புத்தகத்தில் தெரியும். முதல் கடையில் குறைந்த 7,600 கிளையின் கணக்கில் எங்கும் வராது. "ஊரில் வியாபாரம் கொஞ்சம் மந்தம்" என்று பேர் மாறிப் போய்விடும். மறைமுகச் செலவில் பெரியது இதுதான், மற்றவை எல்லாம் இதற்குப் பிறகு. எனவே ஈப்போவில் சாவி வாங்கும் முன்பே, முதல் கடையில் சமையல்காரரை அமர்த்தி மூன்று மாதமாவது சம்பளம் கொடுத்துப் பாருங்கள். அந்தச் செலவைத் தாங்கிக்கொண்டு கடை லாபத்தில் நிற்கிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும். கிளை திறந்த வாரத்தில் ஆள் தேடுவதுதான் வழக்கம். அந்த வாரத்தில் கிடைப்பவர் பெரும்பாலும் வேறு எங்கும் வேலை கிடைக்காதவர்.

திறப்பதற்கு முன்பே போகும் பணம்

வாடகைக் கடைக்கு இரண்டு மாத முன்வைப்பு, மின்சாரம் தண்ணீருக்காக ஒரு மாதம் அல்லது அரை மாதம், அதோடு முதல் மாத வாடகை என்று கேட்பது நம் ஊர்ப் பழக்கம். 3,800 வெள்ளிக் கடைக்கு நான்கு மாதம் என்றால் 15,200. ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி தனி. மின்சார வாரியத்துக்கும் தண்ணீருக்கும் உங்கள் பெயரில் வைப்புத்தொகை தனி.

சுங்கை சிப்புட் லைசென்ஸ் கோலகங்சார் நகராண்மைக் கழகத்துடையது. ஈப்போவில் அது செல்லாது. ஈப்போ மாநகர் மன்றத்தில் கடைக்கும் விளம்பரப் பலகைக்கும் புதிதாக விண்ணப்பிக்கவேண்டும். நிறுவன ஆணையத்தில் கிளையைப் பதிவது மட்டும் மலிவு, தனிநபர் வணிகப் பதிவில் கிளைக்கு ஆண்டுக்கு 5 வெள்ளிதான். ஆனால் மாநகர் மன்றத்தின் ஆய்வு முடியும்வரை கதவு திறக்கமுடியாது, வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். புகைபோக்கிக் குழாய், எண்ணெய்க் கழிவு பிரிக்கும் தொட்டி போன்றவற்றைச் சரி செய்யச் சொல்லித் திருப்பி அனுப்பினால் இன்னும் ஒரு மாதம். இதற்குமுன் துணிக்கடையோ கைப்பேசிக் கடையோ இருந்த இடமென்றால் இந்த வேலைகள் ஒவ்வொன்றையும் நீங்களே செய்யவேண்டும். முன்பு சாப்பாட்டுக்கடையாக இருந்த இடத்துக்கு ஐந்நூறு வெள்ளி கூடக் கொடுத்தாலும் நட்டமில்லை. ஆனால் அந்தச் சாப்பாட்டுக்கடை ஏன் மூடிற்று என்று பக்கத்துக் கடையில் விசாரித்துவிடுங்கள்.

சாப்பாடு தொடும் ஒவ்வொருவரும் உணவு கையாள்வோர் பயிற்சி முடித்திருக்கவேண்டும், டைபாய்டு தடுப்பூசி போட்டிருக்கவேண்டும் என்பது 2009 ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார ஒழுங்குவிதி. புதுக் கடையில் ஆட்கள் அடிக்கடி மாறுவார்கள், ஒவ்வொரு மாற்றத்துக்கும் இந்தச் செலவு மறுபடியும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்பது 2025 ஆகஸ்டிலிருந்து சிறிய கடைகளுக்கும் பொருந்தும். "பழகும்வரை 1,200" என்ற பழைய ஏற்பாட்டுக்கு இனி இடமில்லை.

கைப்பணத்தை இன்னும் இரண்டு இடங்கள் விழுங்கும். முதலாவது, உங்களுக்குத் தெரிந்த மளிகைக்காரரும் கோழிக்காரரும் சுங்கை சிப்புட்டில் முப்பது நாள் தவணை கொடுக்கிறார்கள். ஈப்போ வியாபாரிக்கு உங்களைத் தெரியாது. இறக்கும்போதே பணம் கேட்பார். மாதம் 18,900 வெள்ளிக்குப் பொருள் வாங்கும் கிளையில் அது சின்ன வித்தியாசம் அல்ல. இரண்டாவது, கல்லாவுக்குக் கீழே இருக்கும் அந்தக் கடன் நோட்டு. சம்பளம் வந்ததும் தருகிறேன் என்று எழுதிவைத்த பெயர்கள். ஊரில் அது வியாபாரம் நடக்கும் முறை, அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் லாபம் 13,000 என்று சொல்லும்போது அதில் எவ்வளவு அந்த நோட்டில் கிடக்கிறது என்று கூட்டிப் பார்க்கவேண்டும். நோட்டில் இருக்கும் பணத்தைக் கொண்டு ஈப்போ வாடகை கட்டமுடியாது.

வெற்றி பெற்றால் வரும் செலவு

இதுவரை கிளை தடுமாறினால் வரும் செலவைப் பார்த்தோம். நன்றாக ஓடினாலும் ஒன்று காத்திருக்கிறது, அது சேவை வரி. சாப்பாட்டுக்கடையின் விற்பனை பன்னிரண்டு மாதத்தில் 15 லட்சம் வெள்ளியைத் தாண்டினால் சுங்கத்துறையில் பதிந்து 6 விழுக்காடு சேவை வரி வசூலித்துக் கட்டவேண்டும். இந்த வரம்பு ஒவ்வொரு கடைக்கும் தனித்தனி அல்ல. ஒரே உரிமையாளரின் கடைகள் எல்லாம் சேர்த்து. மாதத்துக்குப் பிரித்தால் 1,25,000 வெள்ளி. சுங்கை சிப்புட்டில் 60,000 விற்கும் உங்கள் கடை அந்தக் கோட்டுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. ஈப்போ கடை 65,000 ஐத் தொட்ட மாதத்திலிருந்து இரண்டுமே கோட்டில் நிற்கின்றன.

ஈப்போ வாடிக்கையாளர் ரசீதில் வரியைப் பார்த்துப் பழகியிருக்கலாம். சுங்கை சிப்புட்டில் பத்து வெள்ளிச் சாப்பாட்டுக்குப் பத்து வெள்ளி அறுபது சென் கேட்டால் என்ன நடக்கும்? எதிர்க்கடை ஒற்றைக் கடை, அவருக்கு வரி இல்லை. விலையை ஏற்றாமல் உள்ளுக்குள் வாங்கிக்கொண்டால், பத்து வெள்ளியில் ஏறத்தாழ 57 சென் வரிக்குப் போகும். கழித்துப் பார்த்தால் உங்கள் உண்மையான லாபம் பத்து வெள்ளிக்கு 83 சென்தான் என்று முதலிலேயே கண்டோம். கணவன் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று என்று பிரித்துப் பதிந்தால் தப்பலாம் என்று சொல்லித்தர நண்பர்கள் வருவார்கள். கணக்காளரிடம் கேட்காமல் அதில் இறங்கவேண்டாம். எதற்கும், ஈப்போவில் விலைப்பட்டியல் அச்சடிக்கும்போதே இந்த ஆறு விழுக்காட்டுக்கு இடம் விட்டு விலை வையுங்கள். பின்னால் ஏற்றுவதைவிட அது சுலபம்.

சிறிதாகச் சோதித்துப் பார்ப்பது

ஈப்போ பிடிக்குமா என்பதை அறிய ஈப்போவில் கடை எடுக்கவேண்டும் என்பதில்லை. வாரம் மூன்று நாள், நாற்பது ஐம்பது பொட்டலம், முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் சொல்பவர்களுக்கு மட்டும், இரண்டு மூன்று அலுவலகக் கட்டடங்களில் பதினொன்றே முக்காலுக்கு இறக்கிக் கொடுத்துப் பாருங்கள். இருக்கும் வேன், இருக்கும் சமையலறை. கூடுதல் செலவு எண்ணெயும் ஒரு பையனின் நேரமும். மூன்று மாதம் செய்தால் போதும். முதல் மாதம் வாங்கியவர்களில் எத்தனை பேர் மூன்றாம் மாதமும் வாங்குகிறார்கள், அவர்களில் எத்தனை பேர் நம் ஊர்ப் பிள்ளைகள் அல்லர் என்று பெயர்களைப் பார்த்தால் தெரியும். பொட்டலம் வாங்குபவரும் உட்கார்ந்து சாப்பிடுபவரும் ஒரே ஆள் அல்லர் என்ற குறை இந்தச் சோதனைக்கு உண்டு. ஆனாலும் தரகர் சொல்வதைவிட இது நம்பத் தகுந்தது.

கடைசியாக, வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளிலேயே வெளியேறும் வழியையும் எழுதிக்கொள்ளவேண்டும். மூன்று ஆண்டு ஒப்பந்தம் என்றால் முதல் ஆண்டுக்குப் பிறகு இரண்டு மூன்று மாத அறிவிப்புக் கொடுத்து விலகலாம் என்ற விதி இல்லாவிட்டால், கடையை மூடினாலும் மிச்ச மாதங்களின் வாடகைக்கு உரிமையாளர் வழக்குப் போடமுடியும். புகைபோக்கிக்காக உடைத்த சுவரைப் பழையபடி கட்டிக்கொடுக்கவேண்டுமா என்பதும் அந்தத் தாளில்தான் இருக்கும். பல ஒப்பந்தங்களில் கட்டித்தான் கொடுக்கவேண்டும், இல்லையென்றால் முன்வைப்புத் தொகை திரும்ப வராது. அதே நாளில் கணவனும் மனைவியும் தங்களுக்குள் ஒரு தேதியையும் ஒரு தொகையையும் எழுதிவைப்பது நல்லது: பத்தாவது மாத முடிவில் ஈப்போ கடை நாளொன்றுக்கு 2,000 வெள்ளியைத் தொடாவிட்டால், அல்லது முதல் கடை விற்பனை 50,000 க்குக் கீழே போய்விட்டால், பன்னிரண்டாம் மாதத்தில் அறிவிப்புக் கொடுத்துவிடுவது என்று.